எங்களை வெளியே அனுப்பிய மாமிக்கு ஒரு கடிதம்

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் ஒரு மருமகள் மாமியாருக்கு நன்றிக் கடிதம் எழுதினாள் என்று சொன்னால், முதலில் ஒரு கேள்வி வரும்: "என்னத்துக்கு?" கேள்வியில் பிழையில்லை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கலியாணம் முடித்த பொம்புளை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பொம்புளை வீட்டுக்கு வருவார். வீடு அவளுடையது. உம்மாவும் வாப்பாவும் காவினுக்கு முன்னே அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்த சீதன வீடு அது. மாமியார் நாலு தெரு தள்ளித் தன் மகள் வளவில் இருப்பார். நோன்புப் பெருநாளைக்கு ஒருக்கா, சுகமில்லை என்றால் ஒருக்கா போய்ப் பார்ப்பது. சினிமாவில் வரும் மாமியார் கொடுமைக்கும் இங்கே இடம் குறைவு, மாமியாருக்கு நன்றி சொல்லும் அளவுக்குக் கொடுக்கல் வாங்கலும் குறைவு.

ஆனாலும் எங்கட உம்மா எழுதினா. 2006 ஜனவரியில், பாடசாலைக் கொப்பியில் கிழித்த நாலு தாளில், வாப்பாட உம்மாவுக்கு, அதாவது எங்கட வாப்பும்மாவுக்கு எழுதினா. வாப்பும்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் எங்கட ராத்தா, அப்போது ஒன்பது வயது, அந்தக் கடிதத்தை வாப்பும்மாட முற்றத்தில் இருந்து சத்தமாக வாசித்தா. வாப்பும்மா மௌத்தான பிறகு அவட துணிப் பெட்டிக்குள் இருந்து அந்தத் தாள்கள் எங்களிடம் வந்தன. நாங்கள் மூன்று பிள்ளைகள், கடிதத்தைப் பலமுறை வாசித்திருக்கிறோம். உம்மாவிடம் கேட்டுத்தான் இதில் எழுதுகிறோம். "ஆக்கள்ட பேரப் போட்டுறாதீங்க, மத்தது பறவாயில்ல" என்றா.

அது எந்த வருடம் என்று எங்கட பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேற்பட்டோர். உம்மாட வீடு கடலில் இருந்து ஏறக்குறைய 300 மீற்றர். ஒரு சுவரும் குசினித் திட்டும்தான் மிஞ்சின. உம்மும்மா, அதாவது உம்மாட உம்மா, அன்று காலை பின்வளவில் இருந்தவ. மூன்றாம் நாள் அவட ஜனாஸா கிடைத்து, மற்ற ஜனாஸாக்களோடு சேர்த்து அடக்கினார்கள். உம்மாவுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. எங்களில் இளையவருக்கு அப்போது ஒரு வயது.

ஒரு பாடசாலையில் மூன்று கிழமை இருந்துவிட்டு, மெயின் றோட்டுக்கு மேற்கே இருந்த வாப்பும்மா வீட்டுக்குப் போனோம். சொல்ல லேசு. எங்கட ஊர் வழக்கில் அது தலைகீழான போக்கு. போன வீடு வாப்பும்மாட வீடும் இல்லை, வாப்பாட தங்கச்சியின் சீதன வீடு. வாப்பும்மாவே அதன் பின்பக்கத்தில் ஒரு அறையும் ஒரு அடுப்புமாகத்தான் இருந்தவ. மகள்மாருக்கு ஒவ்வொருத்தராக வீடு கொடுத்துக் கடைசியில் பெற்றவர்கள் பின்னுக்குத் தள்ளிப்போவதுதான் இங்கத்தைய நடைமுறை. ஆக, உம்மா போய் இருந்தது மதினியின் மண்ணில், மாமியின் அறையில். தன் பெயரில் ஒரு பிடி ஓலைகூட இல்லாத இடத்தில்.

கடிதத்தின் முதல் தாளில் உம்மா நன்றி சொல்வது அடுப்புக்கு.

"மாமி, நாங்க வந்த மறுநாள் நீங்க மூண்டு கல்லு தூக்கிக்கொண்டு வந்து வேலியோரம் வெச்சி, 'மகள், இது உன்ட அடுப்பு, உன்ட உலைய நீ வை' எண்டு சொன்னீங்க. எனக்கு அப்ப கோவம் வந்திச்சி. உம்மாவும் இல்லாம வந்தவள வேற அடுப்பில வெக்கிறாவே எண்டு நெனச்சன். ஒரு மாசம் போனபிறகுதான் வெளங்கிச்சி. அந்த அடுப்பு இல்லாட்டி நான் மதினிட சோத்துக்குக் காத்திரிக்கிற ஆளாகியிருப்பன்."

அந்த நாட்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கிழமைக்கு ஆளுக்கு 375 ரூபாய் நிவாரணம் கிடைத்தது, ஒரு பகுதி சாமானாகவும் மறுபகுதி காசாகவும். ஐந்து பேருக்கு 1,875 ரூபாய். கூட்டு அடுப்பு என்றால் அந்த அரிசியும் பருப்பும் பெரிய பானைக்குள் போய்விடும். யார் எவ்வளவு போட்டது, யார் எவ்வளவு தின்றது என்ற கணக்கு ஒரு நாளைக்கு வாய்க்கு வரும். மூன்று கல்லில் வைத்த அடுப்பு அந்தக் கணக்கை வராமல் தடுத்தது. அட்டை வாப்பாட பெயரில் இருந்தாலும் சாமானை உம்மாட கையில் கொடுக்கவேண்டும் என்று வாப்பும்மா சொல்லியிருந்தா. வருடம் முழுக்க அந்தப் பையை அவ தொட்டதில்லை என்று உம்மா எழுதியிருக்கிறா.

இரண்டாம் தாள் உம்மும்மாவைப் பற்றியது. அதில் பலதை நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும். வந்தவர்கள் எல்லோரும் "சபூர் செய்ங்க" என்றார்கள். நல்ல வார்த்தைதான், ஆனால் நூறு பேர் சொன்னால் அழக்கூடாது என்ற உத்தரவாக மாறிவிடுகிறது. வாப்பும்மா அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் யாசீன் ஓதிவிட்டு, "உன்ட உம்மா பெருநாளைக்கு என்ன ஆக்குவா?" என்று கேட்பாவாம். உம்மா சொல்வாவாம். அவ்வளவுதான். "என்ட உம்மாட கறியப் பத்திக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான் மாமி."

மூன்றாம் தாளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

2005 தொடக்கத்தில் அரசாங்கம் கடலோரத்தில் வீடு கட்டத் தடை போட்டது. வடக்கு, கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். பிறகு அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. தடைக்கு உள்ளே இருந்தவர்கள் வேறிடத்தில் வீடு கிடைக்கும்வரை காத்திருந்தார்கள். வெளியே இருந்தவர்களுக்குச் சொந்தக் காணியில் கட்டுவதற்கு முழுச் சேதம் என்றால் 250,000 ரூபாய். தவணை தவணையாக வரும். ஒரு கட்டம் முடிந்ததை வந்து பார்த்த பிறகுதான் அடுத்தது. உம்மாட வளவு 200 மீற்றருக்கு வெளியே இருந்தபடியால் நாங்கள் இரண்டாம் வகை.

படிவம் வந்தது. முதல் வரியே "குடும்பத் தலைவர்". அங்கே வாப்பாட பெயர். வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான் கேட்கப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கொழும்பில் அச்சடித்த படிவத்துக்கு, வீடு பொம்புளையுடையதாக இருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்று தெரியாது. கிழக்கில் வேலைசெய்த பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைப் பற்றிப் பேசின: தாய்வழியில் வந்த வீட்டைக் கடல் எடுத்தது, திரும்பி வரும்போது அது ஆணின் பெயரில் வருகிறது என்று.

வாப்பாவுக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. கடலைக் கண்டாலே பயம். தங்கச்சியின் பின்வளவில் ஒரு துண்டு சும்மா கிடந்தது. மெயின் றோட்டுக்கு மேற்கே, தண்ணி வராத இடம். அங்கே கட்டினால் என்ன? மாமியும் மாமாவும் சம்மதித்தார்கள். உம்மாவுக்கும் அது பெரிய ஆறுதல். கடல் சத்தம் கேட்காத இடத்தில் தூங்கலாம். எல்லோரும் சரி என்ற இடத்தில் வாப்பும்மா ஒருத்தி மட்டும் இல்லை என்றா.

"நீங்க அண்டைக்கு 'இந்த வளவில ஒரு கல்லும் வெக்க வேணாம்' எண்டு சொன்னது எனக்கு நெஞ்சில குத்தினமாதிரி இரிந்திச்சி மாமி. நாலு நாள் உங்களோட கதைக்கல்ல. எங்கள கடலுக்குத் திருப்பி அனுப்புறாவே, சொந்த மகனையும் பேரப்புள்ளயளையும் எண்டு நெனச்சன். மறுகா நீங்க அவருக்குச் சொன்னத சுவருக்கு அங்கால இரிந்து கேட்டன். 'மகன், இது உன்ட தங்கச்சிட உறுதி. இதில நீ கட்டினா வீடும் அவட. உன்ட பொண்டாட்டிட வளவு அங்க இரிக்கி. அவள அவட மண்ணில கொண்டு வை' எண்டு சொன்னீங்க."

இதை ராத்தா வாசித்தபோது மதினியும் அங்கேதான் இருந்தவ என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாப்பும்மா சொன்னதில் உள்ள சட்டம் பெரிய சிக்கலில்லை. மண் யாருடையதோ கட்டடமும் அவருடையது. மாமி இரக்கத்தில் ஒரு துண்டைத் தந்தாலும், நாளைக்கு அவட மகளுக்குச் சீதனம் கொடுக்கும் நாள் வரும்போது அந்தத் துண்டு தேவைப்படும். அப்போது நாங்கள் யார்?

"அப்ப அந்தத் துண்ட என்ட பேரில எழுதட்டும்" என்று வாப்பா கேட்டிருக்கிறார். வாப்பும்மா அதற்கும் தலையாட்டவில்லை. இங்கேதான் அவ கெட்டிக்காரி. இலங்கையில் முஸ்லிம் ஒருவர் மௌத்தானால் அவர் பெயரில் உள்ளது 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, மார்க்கம் சொன்ன பங்குகளாகப் பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று. எங்கட வீட்டுக்கே கணக்குப் போடுவோம். வீட்டை 24 பங்கு என்று வைத்தால், வாப்பா மௌத்தானால் உம்மாவுக்கு 3, வாப்பும்மாவுக்கு 4, மிச்சம் 17 எங்கள் மூன்று பேருக்கும், ஆண் பிள்ளைக்கு இரண்டு பங்கு பெண் பிள்ளைக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில். அதாவது கடல் எடுத்த வீட்டுக்குப் பதிலாகக் கட்டின வீட்டில் மருமகளைவிட மாமியாருக்குக் கூடுதல் பங்கு. வாப்பும்மா எழுத்து வாசிக்கத் தெரியாதவ, ஆனால் இந்தக் கணக்கு அவவுக்குத் தெரியும். தன் புருசன் மௌத்தான வருடம் பள்ளிவாசலில் பங்கு பிரித்ததைப் பார்த்தவ.

"'அவன்ட பேரில இரிந்தா எனக்கும் ஒரு பங்கு வரும், அந்தப் பங்கு எனக்கு வேணாம், ஒரு பொம்புளட வீட்டில பங்கு எடுத்தவ எண்டு நான் அல்லாட்ட போகமாட்டன்' எண்டு நீங்க சொன்னீங்க மாமி. இப்பிடி ஒரு மாமிய நான் கேள்விப்பட்டதில்ல."

சீதன வீடு இந்தக் கணக்கிலிருந்து தப்புவதும் இதனால்தான். அது வாரிசாக வருவதில்லை, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் நன்கொடை. கொடுத்து முடிந்ததைப் பிறகு பங்கு பிரிக்க முடியாது. மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற விதியைக் கைவிடாமலே, கிழக்கு முஸ்லிம்கள் வீட்டையும் வளவையும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில் வைத்திருப்பது இந்த வழியால். அக்கரைப்பற்றில் பல காலம் இருந்து ஆய்வுசெய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2008இல் வெளிவந்த தன் நூலில் இந்தத் தாய்வழிக் குடி முறையை விரிவாக எழுதியிருக்கிறார். வாப்பும்மா அதை ஒரே வரியில் சொன்னா: "அவட மண்ணில கொண்டு வை."

இல்லை என்று சொல்லிவிட்டு அவ சும்மா இருக்கவில்லை. உம்மாட உறுதி தகரப் பெட்டியோடு கடலில் போயிருந்தது. உறுதி இல்லாமல் சொந்தக் காணி என்று எப்படிக் காட்டுவது? நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். இலக்கமோ திகதியோ தெரிந்தால் தேடி எடுக்கலாம். இரண்டும் உம்மாவுக்கு நினைவில்லை. வாப்பும்மாவுக்கு நினைவிருந்தது, திகதியாக இல்லை: "காவினுக்கு முந்தின கிழமை, விராத்துக்கு அடுத்த நாள்." உம்மாவையும் கூட்டிக்கொண்டு நொத்தாரிசு வீட்டுக்குப் போனா. பராத் இரவை வைத்து மாதத்தைக் கண்டுபிடித்து, அந்த மாதத்துக் கட்டைப் புரட்டி, மூன்றாம் தடவை போனபோது உறுதி கிடைத்தது.

பிரதியைக் கொண்டு விதானையாரிடம் போனார்கள். படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தை மாற்ற முடியாது என்றார் அவர். "தலைவர் ஆரெண்டாலும் இரிக்கட்டும், வளவு ஆர்ட எண்டு எழுதுங்க" என்றா வாப்பும்மா. கடைசியில் படிவம் வாப்பாட பெயரில் போனது. அதோடு உறுதிப் பிரதியும், கட்டப்போவது மனைவியின் காணியில் என்று வாப்பா ஒப்பம் வைத்த ஒரு கடிதமும் போயின. வங்கியில் இரண்டு பேருக்கும் கூட்டுக் கணக்கு. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, அச்சடித்த படிவம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வீடு நின்றது உம்மாட மண்ணில்.

அந்த வருடம் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்டியதால் சீமெந்து விலையும் மேசன் கூலியும் ஏறின. 250,000 போதவில்லை. கூரை போட்டு, கதவு ஒன்று மட்டும் பூட்டி, 2006 ஜனவரியில் குடிபோனோம். தரை இன்னும் இரண்டு வருடம் மண்ணாகவே கிடந்தது. முதல் மாதம் முழுக்க வாப்பும்மா எங்களோடு வந்து கடல் பக்கத்து ஜன்னலடியில் பாய்போட்டுப் படுத்தா. கடிதம் அந்த மாத முடிவில், அவ திரும்பிப் போன பிறகு எழுதப்பட்டது.

இதை எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் இருக்கிறது. எங்களில் ஒருவர் கலைப்பீடத்தில் படிக்கிறார். அங்கே சீதனம் என்ற சொல் வந்தால் எல்லோரும் ஒரே குரலில் எதிர்ப்போம். எதிர்க்கவும் வேண்டும். எங்கட ஊரில் ஒரு வீட்டை எழுப்பி முடிப்பதற்காகக் கட்டாரிலும் சவூதியிலும் இளமையைக் கழித்த காக்காமார் எத்தனை பேர்! வீடு முடியாததால் கலியாணம் தள்ளித் தள்ளிப் போன ராத்தாமார் எத்தனை பேர்! மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலிக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் கைக்கூலியையும் வீட்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கைக்கூலி ஆணின் பைக்குள் போகிறது. உறுதியில் பெயர் இருந்தால், வீடு பெண்ணிடம் நிற்கிறது. தலாக் நடந்தால் எங்கட ஊரில் வெளியே போவது புருசன்தான். "சீதனம் வேண்டாம், நான் கட்டின வீட்டுக்கு வா" என்று சொல்லும் நல்ல மாப்பிள்ளைமார் இப்போது வருகிறார்கள். சந்தோசம். அந்த வீட்டின் உறுதியில் யார் பெயர் என்று கேட்க எங்களுக்கு வாப்பும்மா பழக்கியிருக்கிறா. அவட கணக்குப்படி அந்த வீட்டில் மனைவிக்கு 24இல் 3.

வீட்டின் பாரத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் ஏன் சுமக்கவேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டு பேரும் உழைத்து இரண்டு பேர் பெயரிலும் எழுதலாம் என்று ராத்தா சொல்கிறா. அவட கலியாணத்தில் அப்படித்தான் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணியபோது, "இது எங்கட வாப்பும்மாட சட்டம்" என்றா.

நாலாம் தாளில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை அப்படியே தருகிறோம்.

"மாமி, இந்த ஒரு வருசத்தில எனக்குத் தந்தவங்க கன பேர். சாமான் தந்தாங்க, உடுப்புத் தந்தாங்க, கூடாரம் தந்தாங்க. எல்லாருக்கும் அல்லா கூலி கொடுக்கட்டும். நீங்க மட்டும்தான் ஒண்டத் தரமாட்டன் எண்டு சொன்னீங்க. அதுக்காகத்தான் இந்தக் கடிதம். நேரில சொல்ல வாய் வருகுதில்ல, நீங்களும் கேட்டுக்கொண்டிரிக்கமாட்டீங்க, எழும்பிப் போயிடுவீங்க. புள்ள வாசிச்சா இரிப்பீங்க எண்டு நெனச்சி எழுதுறன். வியாழக்கிழமை வாங்க. உம்மா பெருநாளைக்கு ஆக்குற கறி ஆக்கி வெக்கிறன்."